தேன், சிப்ஸ், கருப்பட்டி விக்கறவங்க பாத்துக்கிடுங்க: "எல்.எஸ்.ஐ. கீவேர்ட் பேக்கேஜ்"னு ஒண்ணு சுத்துது

நம்ம மாவட்டத்துல சின்னதா வெப்சைட் வச்சு யாவாரம் பண்றவங்களுக்காக இதைப் போடுறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனா பைசா கட்டுறதுக்கு முன்ன ஒரு தடவை படிச்சிருங்க.

குலசேகரம் பக்கம் எங்களுக்குத் தேன் யாவாரம். சித்தப்பா பெட்டி வச்சு எடுக்கறாங்க, நான் ஆர்டரும் பார்சலும் பாத்துக்கிடுவேன். 2023-ல மார்த்தாண்டம் தேனுக்கு புவிசார் குறியீடு கிடைச்ச பிறகு வெளியூர்ல இருந்து விசாரிக்கற ஆளு கூடிட்டு, சரி சைட்ல உருப்படியா நாலு கட்டுரை இருக்கட்டும்னு நாகர்கோவில்ல ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆபீஸ்ல பேசினோம். பேரு சொல்லல, எந்த ஆபீஸ்ங்கறத விட என்ன வேலை பண்றாங்கங்கறதுதான் தெரியணும், ஏன்னா இதே பேக்கேஜை வேற வேற பேருல நெறைய பேரு விக்கறாங்க.

அவங்க சொன்னது கேக்க நல்லாத்தான் இருந்துச்சி. "சார் இப்பல்லாம் ஒரே வார்த்தைய திரும்பத் திரும்பப் போட்டா கூகுள் ஒத்துக்காது, தலைப்போட சம்பந்தப்பட்ட வார்த்தை, ஆளு, ஊரு, பொருள் எல்லாம் கட்டுரையில வரணும், அதுக்குப் பேருதான் எல்.எஸ்.ஐ. கீவேர்ட், ஒரு கட்டுரைக்கு 120 வார்த்தை நாங்க சேத்துத் தர்றோம்." இதுல முதல் பாதி உண்மை. அதனாலதான் ஆளு விழறாங்க.

எல்.எஸ்.ஐ.ங்கறது, முழுப் பேரு லேட்டன்ட் செமான்டிக் இண்டெக்ஸிங், 1980-கள் கடைசில அமெரிக்காவுல பெல்கோர் ஆராய்ச்சிக்கூடத்துல கண்டுபிடிச்ச ஒரு கணக்கு முறை. வெப்சைட்டுங்கற சங்கதியே அப்ப கிடையாது. ஒரு சின்ன ஆவணக் குவியலுக்குள்ள எந்த வார்த்தையோட எந்த வார்த்தை சேந்து வருதுன்னு பாத்து தேடறதுக்கு உண்டாக்கினது. கூகுள்ல வேலை பாக்கற ஜான் முல்லர் 2019-லயே வெளிப்படையா சொல்லிட்டாரு, எல்.எஸ்.ஐ. கீவேர்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு. ஆனா அந்தப் பேரைச் சொல்லி ஒரு எக்செல் ஷீட்டை வித்தாக்க இன்னிக்கும் 18,000 ரூபா வாங்கலாம், எங்க கிட்ட அட்வான்ஸ் அவ்வளவுதான் வாங்கினாங்க.

கட்டுரை வந்துச்சி. கூடவே பச்சைக் கலர்ல ஒரு ரிப்போர்ட், "கன்டென்ட் ஸ்கோர் 96". சித்தப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். முதல் பத்தி இப்படி: "மார்த்தாண்டம் தேன் என்பது கன்னியாகுமரி மாவட்டத்தில் கிடைக்கும் சிறந்த தேன். மார்த்தாண்டம் தேன், சுத்தமான தேன், இயற்கை தேன், காட்டுத் தேன், மலைத் தேன், ரப்பர் பூ தேன் வாங்க விரும்புவோர் மார்த்தாண்டம் தேன் விலை அறிந்து..."

சித்தப்பா அங்கயே நிறுத்திட்டாங்க. "எடே மக்கா, ரப்பர் பூவுல எவன்டே தேன் எடுத்தான்?"

இந்த ஒரு கேள்வியிலயே முழு மோசடியும் வெளிய வந்துரும், அதனால இதை கொஞ்சம் விளக்கமா சொல்றேன். ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரி வாக்குல இலை உதிர்த்துட்டு புதுத் தளிர் விடும். ஒரு காம்புல மூணு இலை இருக்கும்லா, அந்த மூணும் சேர்ற இடத்துல சின்னதா சுரப்பி உண்டு, தளிர் பருவத்துல அதுல இனிப்பு நீர் கசியும். தேனீ எடுக்கறது அதைத்தான், பூவுல இருந்து இல்ல. நம்ம பக்கம் ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் தேன் சீசனா இருக்கறதும், ரப்பர் தோட்டத்துக்குள்ள பெட்டியக் கொண்டு வைக்கறதும் இதனாலதான். இப்ப நான் எழுதினதைத் திரும்பப் பாருங்க: ரப்பர், தளிர், காம்பு, சுரப்பி, சீசன், தோட்டம், பெட்டி எல்லாம் வந்துட்டு. ஒண்ணைக் கூட நான் ஷீட்டைப் பாத்துச் சேக்கல, விஷயத்தைச் சொல்லும்போது தானா வந்து நிக்குது.

அவங்க ஷீட்லயும் "ரப்பர்" இருந்துச்சி, "பூ" இருந்துச்சி, "தேனீ" இருந்துச்சி. ஆனா ரப்பருக்கும் தேனீக்கும் என்ன சம்பந்தம்னு ஷீட் சொல்லாது. எழுதின பையன் தேனீ வளர்ப்பைக் கண்ணால பாத்தது கிடையாது, மூணு வார்த்தையையும் ஒட்டி "ரப்பர் பூ தேன்"னு ஆக்கிட்டான். சம்பந்தப்பட்ட பேரு வர்றது பெருசில்ல, அந்தப் பேருக்கும் நம்ம பொருளுக்கும் என்ன உறவுன்னு வாக்கியம் சொல்லணும், அது இல்லேன்னா 120 பேரு போட்டாலும் வெறும் பட்டியல்தான்.

அடுத்தது நீண்டுட்டே போற "நன்மைகள்". அதுல ஒரு துணைத் தலைப்பு, "பச்சிளம் குழந்தைக்கு மார்த்தாண்டம் தேன் தரும் நன்மைகள்". எனக்குப் பக்குன்னு ஆயிட்டு. நம்மாளுங்க வீட்டுல பிள்ளை பிறந்ததும் நாக்குல தேன் தொட்டு வைக்கற பழக்கம் உண்டு, சேனை வைக்கறதுன்னு சொல்லுவோம். ஆனா ஒரு வயசு ஆகாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கவே கூடாதுன்னு டாக்டருங்க சொல்றாங்க, தேன்ல சில சமயம் இருக்கற பாக்டீரியா விதை பிள்ளை குடல்ல முளைச்சு விஷம் உண்டாக்கும், பாட்டுலிசம்னு பேரு, மூச்சே நின்னு போற அளவுக்குப் போகலாம். தேனைப் பத்தி முழுசா எழுதினோம்னு சொல்ற கட்டுரையில கண்டிப்பா இருக்க வேண்டிய எச்சரிக்கை இது. ஷீட்ல அது இல்ல, அதுக்கு நேர் எதிரானது இருந்துச்சி. ஏன்னா ஏற்கெனவே மேல நிக்கற பக்கங்கள்ல எந்த வார்த்தை எத்தனை தடவை வருதுன்னு எண்ணி ஷீட் போட்டுத் தர்றதுதான் அவங்க வச்சிருக்கற டூல், அந்தப் பக்கங்கள் எல்லாம் விட்டதை அது எப்படிக் காட்டும்? எல்லாரும் தப்பா எழுதினா தப்புக்கும் சேத்துத்தான் மார்க்கு.

இதே லட்சணத்துல "சர்க்கரை நோய் குணமாக", "கேன்சர்" எல்லாம் இருந்துச்சி. இது எழுதினவன் தலையில விடியாது, சைட்டு நம்ம பேர்ல இருக்கு, கேசு வந்தா நமக்குத்தான் வரும்.

அப்புறம் இன்னொண்ணு தற்செயலா கிடைச்சுது. மொபைல்ல கட்டுரையக் காப்பி பண்ண முழுசா செலக்ட் பண்ணினா, கீழ ஒண்ணுமில்லாத வெள்ளை இடத்துல நீலமா வரி வரியா செலக்ட் ஆகுது. வெள்ளைப் பின்னணியில வெள்ளை எழுத்து! ஸ்பென்சர் ஹாட்ச், அகமார்க், இத்தாலியன் தேனீ, சுந்தரவனம், காஷ்மீர் தேன், மனுகா தேன்னு வரிசையா கமா போட்டு. "120 சேத்துட்டோம்"னு கணக்கு காட்டினது இப்படித்தான். கூகுளோட ஸ்பாம் விதியில மறைச்சு வைக்கற எழுத்து, வார்த்தையத் திணிக்கறது ரெண்டுமே பேரு சொல்லி எழுதியிருக்கு. இது போக தக்கலை தேன், களியக்காவிளை தேன், நாகர்கோவில் தேன்னு ஊரு பேரை மட்டும் மாத்தி அதே கட்டுரையத் தனித்தனிப் பக்கமாவும் போட்டிருந்தாங்க, அதுவும் அந்த விதியில வருது. கேட்டதுக்கு "சார் எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க, ஸ்கோர் 96 சார்"னாரு. அந்த ஸ்கோர் அவங்க வாங்கின டூல் தர்றது, கூகுள் தர்றது இல்ல. பாக்கி பைசா தரமாட்டேன்னுட்டேன், அட்வான்ஸ் போனது போனதுதான்.

அதுக்கப்புறம் நாங்களே எழுதினோம். ஷீட்டை ஓரமா வச்சுட்டு வாட்ஸாப்ல கஸ்டமர் கேட்டதையும் சர்ச் கன்சோல்ல ஆளுங்க என்ன அடிச்சு நம்ம பக்கத்துக்கு வந்தாங்கங்கற லிஸ்டையும் எடுத்தோம். பாதிக்கு மேல ஒரே கேள்விதான் வேற வேற மாதிரி: தேன் உறைஞ்சு போச்சு, சீனி கலந்திருக்கா? அதுக்கு சித்தப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். தேன்ல குளுக்கோஸ் பங்கு கூடுனா சீக்கிரம் உறையும், அது கலப்படத்துக்கு அடையாளம் இல்ல, பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணில வச்சா இளகிரும், அடுப்புல நேரா வச்சுச் சுட வைக்கக் கூடாது. இன்னொரு கேள்வி, மூடியத் திறந்ததும் நுரைச்சு புளிச்ச வாடை அடிக்குதுன்னு. அது ஈரப்பதம் கூடுனதால வர்றது, அடை முழுசா மெழுகு மூடாம எடுத்தா அப்படி ஆகும், ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு விதி இருக்கு, நாங்க ரிஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டு விட்டுப் பாத்துட்டுத்தான் அடைப்போம். குளுக்கோஸ், மெழுகு, அடை, ஈரப்பதம், ரிஃப்ராக்டோமீட்டர், உணவுப் பாதுகாப்பு விதி, இந்தப் பேரெல்லாம் ஒரு கேள்விக்கான பதிலுக்குள்ள வந்ததுதான், கவனிச்சீங்களா. "மார்த்தாண்டம் தேன்"ங்கற சொல்லு அந்தப் பக்கத்துல மொத்தமே நாலஞ்சு இடத்துலதான் வருது, மத்த இடத்துல சும்மா தேன்தான், பேசும்போது அப்படித்தானே பேசுவோம்.

எல்லாத்தையும் ஒரே பக்கத்துல கொட்டவும் இல்ல. ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்துல ஒய்.எம்.சி.ஏ. மூலமா 1920-கள்ல கிராம மறுசீரமைப்பு வேலை பண்ணினதும் தேனீ வளர்ப்பைப் பரப்பினதும், 1991, 92-ல தாய் சாக்புரூட் வைரஸ் வந்து நம்ம பக்கத்துப் பெட்டியெல்லாம் காலியானதும் நல்ல சரித்திரம், ஆனா உறைஞ்ச பாட்டிலைக் கையில வச்சுட்டு நிக்கற ஆளுக்கு அது வேண்டாம். அதுக்குத் தனிப்பக்கம் போட்டு, இங்க இருந்து ஒரு லிங்க் குடுத்தோம். மனுகா தேன் நியூசிலாந்து சமாச்சாரம், அதை விட்டாச்சு. சித்தப்பா வாசிச்சுட்டு "இப்ப கொள்ளாம்"னாங்க.

கட்டுரை உங்க கைக்கு வந்தா ஷீட்ல இருந்து ஏதாவது ஒரு வார்த்தைய எடுத்து, அது வர்ற வாக்கியத்துல அதை அடிச்சுப் பாருங்க. அடிச்ச பிறகும் வாக்கியம் சொல்ற சேதி அப்படியே இருந்தா அது திணிச்சது. "அகமார்க், தேனீ, இயற்கை நிறைந்த தேன்"ல அகமார்க்கை எடுத்தா ஒண்ணும் குறையாது. "அகமார்க் முத்திரை இருந்தா அரசு வச்ச தரத்துப்படி கிரேடு பண்ணினதுன்னு அர்த்தம்"ல எடுத்துப் பாருங்க, வாக்கியமே நிக்காது.

எங்க கதை இன்னும் முடியல. சைட்டோட அட்மின் பாஸ்வேர்டும் சர்ச் கன்சோல் ஓனர் உரிமையும் அவங்க பேர்லதான் போட்டிருந்தாங்க, அதைத் திரும்ப வாங்கின பிறகுதான் ஊர்ப்பேருப் பக்கங்களை ஒவ்வொண்ணா எடுத்துட்டு மெயின் பக்கத்துக்குத் தானா திருப்பி விடற 301 போட முடிஞ்சுது. களியக்காவிளை பக்கம் மட்டும் இன்னும் தேடல்ல தலை காட்டுது. யாராவது அதுல வந்து "ரப்பர் பூ தேன் இருக்கா"ன்னு கேட்டா சித்தப்பா கிட்ட ஃபோனைக் குடுத்துருவேன்.