‘அடுத்த வெள்ளி’யா, ‘16 ஆகஸ்ட் 2024, வெள்ளிக்கிழமை’யா? குடியிருப்பு அறிவிப்புக்கு எது நிற்கும்

புதுச்சேரி லாசுப்பேட்டையில் முப்பத்திரண்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் என்ற முறையில், 2024 ஆகஸ்ட் 4 ஞாயிற்றுக்கிழமையன்று நான் ஓர் அறிவிப்பை எழுதி லிஃப்ட் அருகே ஒட்டினேன். ‘அடுத்த வெள்ளிக்கிழமை மேல்தொட்டி கழுவப்படும், காலை 8 மணி முதல் தண்ணீர் வராது, பராமரிப்புத் தொகையை வார இறுதிக்குள் செலுத்தவும்’ என்பதே அதன் வாசகம். என் மனத்தில் இருந்தது 16ஆம் தேதி. படித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 9ஆம் தேதி என்று எடுத்துக்கொண்டார்கள். 9ஆம் தேதி காலை, முதல் மாடி அம்மா குடம், அண்டா, பக்கெட் அனைத்தையும் நிரப்பி வைத்துவிட்டு, “என்ன சார், ஆடி வெள்ளி அதுவுமா வீடு கழுவாம உட்கார்ந்திருக்கோம், ஆளையே காணோமே?” என்று கேட்டபோதுதான் தவறு என்னுடையது என்று விளங்கியது.

அதன் பிறகு நான்கு வகை எழுத்துமுறைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தேன். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதைத் தலைப்பே காட்டிக்கொடுத்திருக்கும்.

முதல் வகை, ‘அடுத்த வெள்ளி’, ‘வார இறுதி’, ‘நாளை மறுநாள்’ போன்ற சொற்கள். இவற்றை முற்றிலும் பழிக்க மாட்டேன். படிக்கட்டில் எதிர்ப்படுகிறவரிடம் “வர்ற வெள்ளி தண்ணி வராதுங்க” என்று சொன்னால் அது போதும். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ‘இன்று’ ஒன்றே. எழுதி ஒட்டிய தாளுக்கு அப்படி ஓர் ‘இன்று’ கிடையாது. எவர் எப்போது படிக்கிறாரோ அவருடைய நாளிலிருந்தே அது எண்ணத் தொடங்கும். மளிகைக் கடையில் தொங்கும் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ பலகையின் வேடிக்கை முழுவதும் இதில்தான் இருக்கிறது. ‘வார இறுதி’ இன்னும் மோசம். அலுவலகம் செல்பவருக்கு அது வெள்ளி மாலை, கடை வைத்திருப்பவருக்கு ஞாயிறு இரவு. எங்கள் குடியிருப்பில் காசோலை கொடுக்கும் பெரியவர்களுக்குச் சனிக்கிழமை. ஆனால் அந்த வாரச் சனிக்கிழமையான ஆகஸ்ட் 10 மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை என்பதால் வங்கி மூடியிருந்தது.

இரண்டாம் வகை, அதே சொற்களை வைத்துக்கொண்டு தாளின் மேல்மூலையில் எழுதிய தேதியைப் போடுவது. கணக்குப் போடும் வேலை படிப்பவர் தலையில் விழுகிறது. போட்டாலும் 4ஆம் தேதிக்கு ‘அடுத்த’ வெள்ளி 9ஆ 16ஆ என்ற சந்தேகம் அப்படியேதான் இருக்கும். இதைவிடப் பெரிய சிக்கல் வாட்ஸ்அப்பில் வருகிறது. அறிவிப்பின் நடுப்பகுதியை மட்டும் ஒருவர் வெட்டி அனுப்புவார், மேல்மூலைத் தேதி அத்துடன் போய்விடும். செய்தியின் அடியில் தெரியும் நேரமோ அவர் அனுப்பிய நேரம், நான் எழுதிய நேரம் அன்று.

மூன்றாம் வகை, ‘9/8/2024’ என்று எண்களில் எழுதுவது. உள்ளூர் வழக்கப்படி நாள் முன்னே, மாதம் பின்னே என்பதில் நமக்குள் குழப்பமில்லை. ஆனால் எங்கள் குடியிருப்பில் பெற்றோருக்காகப் பராமரிப்புத் தொகையைச் செலுத்துகிற பிள்ளைகள் சிலர் அமெரிக்காவில் இருக்கிறார்கள், அங்கே இது செப்டம்பர் 8. 16 என்றால் பிழையில்லை, பதினாறாம் மாதம் இல்லையே; 12 வரையிலான தேதிகளுக்குத்தான் இந்த ஆபத்து.

நான்காவது, நான் இப்போது கைவிடாமல் பிடித்திருப்பது: ‘16 ஆகஸ்ட் 2024, வெள்ளிக்கிழமை, காலை 8 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை’. மாதத்தை எழுத்தில் எழுதுவதன் பயன் மேலே சொன்னதிலிருந்தே விளங்கும். தேதியும் கிழமையும் சேர்ந்து நிற்பதுதான் இதில் எனக்கு முக்கியம். தேதி இருக்கும்போது கிழமை எதற்கு, இடம் வீண் என்று பொருளாளர் கேட்டார். நான் 16 என்று தட்டச்சிட நினைத்து 15 என்று அடித்துவிட்டால், எண் மட்டும் உள்ள அறிவிப்பில் அந்தப் பிழையை எவராலும் கண்டுபிடிக்க முடியாது. ‘15 ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை’ என்று இருந்தால், நாட்காட்டியைப் பார்க்கும் முதல் ஆளே வியாழன் அல்லவா என்று தொலைபேசியில் கேட்டுவிடுவார். ஒன்றுக்கு மற்றொன்று சாட்சி. சென்ற ஆண்டு அறிவிப்பை எடுத்து ஆண்டை மட்டும் மாற்றி ஒட்டும் பழக்கம் என்னைப் போன்ற செயலாளர்களுக்கு உண்டு. சாதாரண ஆண்டில் 365 நாட்கள், அதாவது 52 வாரமும் ஒரு நாளும். அதனால் ஒரே தேதி மறு ஆண்டில் ஒரு கிழமை தள்ளி விழும். 2025இல் அந்தப் பழைய தாளைத் திறந்து ஆண்டை மாற்றியபோது ‘16 ஆகஸ்ட் 2025, வெள்ளிக்கிழமை’ என்று வந்தது. அன்று சனிக்கிழமை என்பதைக் கண்டதும்தான் மற்ற விவரங்களும் பழையவை என்று உறைத்தது.

நம் கல்யாணப் பத்திரிகைகளில் தமிழ் வருடம், மாதம், நாள், ஆங்கிலத் தேதி, கிழமை, முகூர்த்த நேரம் என்று அத்தனையும் அடுக்கி அச்சடிப்பதை ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. தொட்டி கழுவுவதற்குத் தமிழ்த் தேதி வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

இந்த நான்காம் வகையாலும் கண்டுபிடிக்க முடியாத பிழை ஒன்று உண்டு. தவறு சரியாக ஏழு நாளாக இருந்தால் கிழமை ஒத்துப்போய்விடும். 16க்குப் பதில் 9 என்று அடித்திருந்தால் ‘9 ஆகஸ்ட் 2024, வெள்ளிக்கிழமை’ குற்றமற்றதாகவே தோன்றியிருக்கும். அதற்காக, ஒட்டும் முன் தொட்டி கழுவும் ஆட்களிடம் தேதியைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஆகஸ்டில் நான் செய்த இரண்டாவது தவறையும் சொல்ல வேண்டும். 9ஆம் தேதி மாலையே திருத்தம் அனுப்பினேன். ஆனால் ‘விடுமுறை நாளான வெள்ளியன்று’ என்று எழுதினேன். ஆகஸ்ட் 16 புதுச்சேரியில் சட்டப்பூர்வப் பரிமாற்ற நாள், புதுச்சேரி 1962இல் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்ததை நினைவுகூரும் அரசு விடுமுறை. கடலூரில் அது வேலைநாள். மூன்றாம் மாடியில் இருப்பவர் கடலூரில் ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறார்; தமக்கு விடுமுறை இல்லாத வெள்ளியைக் குறித்து நான் எழுதியிருக்க முடியாது என்று எண்ணி, ஒரு வாளிகூடப் பிடிக்காமல் பேருந்து ஏறிவிட்டார். ‘மூன்று வேலைநாட்களுக்குள்’ என்பதும் அதே கதிதான். 13 ஆகஸ்ட் 2024, செவ்வாய்க்கிழமைக்குப் பின் மூன்று வேலைநாட்களை எண்ணினால், கடலூர்க்காரருக்கு 14, 16, பிறகு திங்கள் 19. புதுச்சேரிக்காரருக்கு 14, 19, 20. நவம்பர் 1, புதுச்சேரி விடுதலை நாளும் இப்படிப்பட்டதே.

‘10ஆம் தேதிக்குள்’ என்பதையும் விட்டுவிட்டேன். 10 அதில் சேருமா என்று ஆண்டுதோறும் ஒருவர் கேட்பார். ‘12 ஆகஸ்ட் 2024, திங்கட்கிழமை, மாலை 6 மணி வரை’ என்று எழுதியபின் எவரும் கேட்கவில்லை.

தேதியே முடிவாகாத வேலைகளில் எனக்குப் போதிய அனுபவம் இல்லை. மழையைப் பொறுத்து மாறும் மொட்டைமாடி வேலைக்கு இதுவரை ஒரே ஒரு முறைதான் அறிவிப்பு எழுதியிருக்கிறேன். அப்போது ‘விரைவில்’ என்று போடாமல், ‘வேலை நாள் எது என்பது 7 நவம்பர் 2025, வெள்ளிக்கிழமை, மாலை 6 மணிக்கு இதே பலகையில் ஒட்டப்படும்’ என்று எழுதினேன். அன்று மாலை ஆறு மணிக்கு லிஃப்ட் அருகே ஏழு பேர் நின்றிருந்தார்கள்.