நான்கில் தொடங்கி மூன்றில் முடியும் காசநோய் மாத்திரை: ஓர் ஒப்பீடு

பாபநாசம் பக்கத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் கூலி வேலைக்குப் போகும் 45 கிலோ எடையுள்ள ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மூன்று வாரங்களுக்கு மேலாக இருமல் இருந்திருக்கிறது. சளியில் காசநோய்க் கிருமி மிக அதிகமாக, 3+ அளவில் தெரிகிறது. ட்ரூநாட் என்ற மரபணுச் சோதனை, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று சொல்லியிருக்கிறது. இவருக்கு மருந்தைத் தனித்தனி மாத்திரைகளாகக் கொடுப்பதா, ஒரே கூட்டு மாத்திரையாகக் கொடுப்பதா என்பது முதல் கேள்வி. இரண்டு மாதம் கழித்து அவருடைய சளியை எந்தச் சோதனையால் அளப்பது என்பது இரண்டாவது.

2017க்கு முன்பு அரசுத் திட்டத்தில் வாரம் மூன்று நாள் மட்டும் மருந்து கொடுக்கும் முறை இருந்தது. ஒரு வேளைக்கு ஏழு மாத்திரைகள் ஓர் அட்டையில் தனித்தனியாக இருக்கும். இன்று அதே நோயாளி தினமும் மூன்றே மாத்திரைகள் விழுங்குகிறார். ஒவ்வொன்றிலும் ஐசோனியாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தாம்ப்யூட்டால் 275 மில்லிகிராம் சேர்ந்திருக்கின்றன. எடையைக் கொண்டே எண்ணிக்கை தீர்மானிக்கப்படுகிறது: 35 முதல் 49 கிலோ வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. நம் 45 கிலோக்காரருக்கு மூன்று மாத்திரையில் ரிஃபாம்பிசின் 450 மில்லிகிராம், அதாவது கிலோவுக்குச் சரியாக 10 மில்லிகிராம் கிடைக்கிறது.

கூட்டு மாத்திரைக்குச் சாதகமாகச் சொல்லப்படும் காரணங்களில் வலுவானது வசதி அன்று. தனி மாத்திரைகள் கையில் இருந்தால், குமட்டல் தரும் ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை விழுங்க நோயாளியால் முடியும். ஒரே மருந்தை மட்டும் எதிர்கொள்ளும் கிருமிக் கூட்டத்தில், அந்த மருந்துக்கு இயல்பிலேயே அடங்காத சில கிருமிகள் தப்பிப் பெருகிவிடும். ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு கிருமி ஐசோனியாசிட்டுக்கும், பத்துக் கோடியில் ஒன்று ரிஃபாம்பிசினுக்கும் இப்படி இயற்கையாகவே அடங்காது. நுரையீரலில் குழி விழுந்த ஒருவரிடம் பத்துக் கோடிக் கிருமிகள் இருப்பது அரிதன்று. இரண்டுக்கும் ஒருசேர அடங்காத கிருமி அங்கே தற்செயலாக இருப்பதற்கான வாய்ப்பு மிகச் சிறியது. மாத்திரைக்குள் மருந்துகளைப் பிரிக்க முடியாமல் வைத்திருப்பதன் பயன் இதுவே. குணமாகும் விகிதத்தில் கூட்டு மாத்திரை தனி மாத்திரைகளை விஞ்சியதாக ஆய்வுகள் காட்டவில்லை, ஏறக்குறைய சமம் என்றே காட்டின என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

தனி மாத்திரைகளின் பக்கம் நியாயம் இருப்பது ஒரே இடத்தில். அது முக்கியமான இடம். சாராயப் பழக்கம் உள்ள ஒருவருக்கு ஆறாவது வாரத்தில் வாந்தியும் கண் மஞ்சளும் வந்தால் மருந்தை உடனே நிறுத்த வேண்டும். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை. கல்லீரல் தேறிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்தால்தான் குற்றவாளி எது என்று தெரியும். கூட்டு மாத்திரையால் அதைச் செய்ய முடியாது. ஆகவே பொதுவான நோயாளிக்குக் கூட்டு மாத்திரை, மருத்துவமனை அலமாரியில் தனி மாத்திரைகளும் இருப்பு என்பதே என் தேர்வு. சிறுநீர் ஆரஞ்சு நிறமாவதைக் கண்டு மஞ்சள் காமாலை என்று பயந்து நிறுத்துபவர்களும் உண்டு. அது ரிஃபாம்பிசினின் நிறம். பார்க்க வேண்டியது கண்ணின் வெள்ளையை.

நான்கில் தொடங்குவதற்கான காரணம், உடலில் கிருமிகள் எல்லாம் ஒரே நிலையில் இல்லை என்பது. வேகமாகப் பெருகுபவற்றை ஐசோனியாசிட் முதல் சில நாட்களிலேயே பெருமளவில் வீழ்த்துகிறது. உறங்கிக் கிடந்து அவ்வப்போது விழிப்பவற்றை ரிஃபாம்பிசின் பிடிக்கிறது. அழற்சியால் அமிலம் மிகுந்து புளித்துப்போன திசுவுக்குள் ஒளிந்திருப்பவை பைரசினமைடின் பங்கு. எத்தாம்ப்யூட்டால் கொல்வதைவிடக் காவல் காக்கிறது. இரண்டு மாதத்தில், 56 வேளை முடிந்ததும், அழற்சி தணிகிறது. பைரசினமைடு வேலை செய்யும் புளிப்புச் சூழலும் குறைகிறது. அதன் பின்னும் அதைக் கொடுத்தால் பலன் கூடுவதில்லை, கல்லீரல் பாரமும் மூட்டு வலியும்தான் மிச்சம். எனவே அது விலகுகிறது.

இங்கே இன்னொரு ஒப்பீடு வருகிறது. அடுத்த நான்கு மாதத்துக்கு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டே போதும் என்பது உலக அளவில் பழகிய முறை. இந்தியா எத்தாம்ப்யூட்டாலையும் விடாமல் மூன்றாகத் தொடர்கிறது. சிகிச்சை அட்டையில் `2HRZE/4HRE` என்று எழுதுவது இதைத்தான்: எண்கள் மாதங்கள்; H ஐசோனியாசிட், R ரிஃபாம்பிசின், Z பைரசினமைடு, E எத்தாம்ப்யூட்டால். 2014 முதல் 2016 வரை நடந்த தேசிய ஆய்வில், புதிய நோயாளிகளிலேயே சுமார் 11 விழுக்காட்டினரின் கிருமி ஐசோனியாசிட்டுக்கு அடங்கவில்லை. அப்படிப்பட்ட ஒருவருக்கு இரண்டு மருந்து என்று கொடுப்பது உண்மையில் ரிஃபாம்பிசினைத் தனியே களத்தில் விடுவதாகும். முதல் நாள் ட்ரூநாட் சோதனை ரிஃபாம்பிசினைப் பற்றி மட்டுமே பேசுவதால், இந்த ஓட்டை அதில் தெரியாது. எத்தாம்ப்யூட்டாலுக்குக் கொடுக்கும் விலை, பார்வை மங்குதலையும் சிவப்பு பச்சை வேறுபாடு குழம்புவதையும் ஆறு மாதமும் கேட்டுக்கொண்டே இருப்பது.

இனிச் சளி. இரண்டாம் மாத முடிவில் நுண்ணோக்கிச் சோதனை, மரபணுச் சோதனை, வளர்ப்புச் சோதனை என்று மூன்று வழிகள் கண்முன் இருக்கின்றன. முதல் நாளில் கூர்மையாக இருந்த ட்ரூநாட்டோ சிபிநாட்டோ இங்கே நோய் குறைகிறதா என்பதை அளக்கப் பயன்படாது. செத்த கிருமியின் மரபணுவையும் அவை எண்ணிவிடும். வளர்ப்புச் சோதனை உயிருள்ள கிருமியை மட்டும் காட்டும், ஆனால் திரவ ஊடகத்தில்கூட “வளரவில்லை” என்று சொல்ல ஆறு வாரம் ஆகும். நுண்ணோக்கி அன்றே பதில் தரும். குறை என்னவென்றால், ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ பத்தாயிரம் கிருமி இருந்தால்தான் அதில் தெரியும், செத்ததும் உயிருள்ளதும் ஒன்றுபோலவே சிவந்து நிற்கும். இத்தனை குறையிருந்தும் வழக்கமான கண்காணிப்புக்கு அதையே வைத்திருப்பது சரி என்று நினைக்கிறேன், அதன் பதிலை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதவரை.

நம் நோயாளிக்கு 56ஆம் வேளை முடிந்ததும் நுண்ணோக்கியின் நூறு பார்வைப் புலங்களில் ஆறு கிருமிகள் தெரிகின்றன. ஒன்பது வரை இருந்தால் அதை எண்ணோடு “சொற்பம்” என்று குறிப்பார்கள். 3+ என்பது ஒரே புலத்தில் பத்துக்கு மேல். அங்கிருந்து இது பெரிய சரிவு. ஆனாலும் அட்டையில் பாசிட்டிவ். பழைய வழக்கப்படி நான்கு மருந்தையும் இன்னொரு மாதம் நீட்டியிருப்பார்கள். கிருமி மருந்துக்கு அடங்காததாக இருந்தால் அந்த மாதம் வீண், அடங்குவதாக இருந்தால் தேவையில்லை என்பதால் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. இப்போது மூன்று மருந்துக் கட்டம் நிற்காமல் தொடங்கும்; அதே சளி வளர்ப்புக்கும் மருந்து எதிர்ப்புச் சோதனைக்கும் போகும்; எத்தனை வேளை தவறியது என்றும் விசாரிப்பார்கள். ஐசோனியாசிட் எதிர்ப்பு என்று வந்தால் லீவோஃப்ளாக்சசின் சேர்த்த வேறு ஆறு மாதச் சிகிச்சைக்கு மாற்ற வேண்டும். இவருக்கு ஆறு வாரத்தில் வளர்ச்சி இல்லை என்று வந்ததாகக் கொண்டால், நுண்ணோக்கியில் நின்றவை பிணங்கள்.

இதற்கு நேரெதிரான பிழை, நெகட்டிவ் என்று வருவது. தேறியவருக்கு இருமலே வராது. குறுவை அறுப்புக்கு ஆள் தேடும் நாளில் விடியலிலேயே வயலுக்குக் கிளம்புகிறவர், டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். எச்சிலில் கிருமி இல்லை என்பதால் ஒன்றும் நிரூபணமாகாது. டப்பாவைத் திறந்ததும் கெட்டியா, சளிக்கோழை உண்டா என்று ஆய்வகத்தில் பார்ப்பதும், இல்லையென்றால் வாய் கொப்பளித்து ஆழ மூச்சிழுத்து இருமச் சொல்லி மறுமாதிரி கேட்பதும் அதற்காகத்தான். உண்மையிலேயே சளி வராதவருக்கு எடையும் மார்பு எக்ஸ்ரேயும் துணை. இவர் நான்காம் மாதத்தில் 51 கிலோவாகியிருந்தால் அது நல்ல அடையாளம். 5 கிலோவுக்கு மேல் கூடி எடைப் பிரிவும் மாறிவிட்டதால், அன்றுமுதல் அவருடைய கூட்டு மாத்திரை மூன்றிலிருந்து நான்காக வேண்டும். பழைய அட்டையிலேயே தொடர்ந்தால் ரிஃபாம்பிசின் கிலோவுக்கு 9 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடும்.