உலைச் சூட்டுக்குக் கண், தோய்ச்சலுக்குக் கருவி

பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் கத்தியும் அரிவாளும் அடிப்பது மதுரை, திருப்பாச்சேத்திப் பக்கத்துப் பட்டறைகளில் வழக்கம். அந்தப் பட்டையில் ஒரு சாண் நீளக் கத்தி அடித்துப் பழகுகிறவருக்குச் சீக்கிரமே ஒரு கேள்வி எழும்: சூட்டை நிறம் பார்த்து அறிவதா, வெப்பமானி வாங்குவதா? கத்திக்கு இரண்டு முறை சூடு தேவை. முதல் சூடு அதைக் கடினமாக்கும். இரண்டாவது அதன் நொறுங்கும் குணத்தைப் போக்கும்; இதுதான் தோய்ச்சல். இரண்டுக்கும் பதில் ஒன்றல்ல.

முதல் சூட்டில் என் வாக்கு கண்ணுக்கே. இந்தப் பட்டை ஏறக்குறைய 840 டிகிரிக்கு வந்ததும் எண்ணெயில் இறங்க வேண்டும். கரி உலைக்குள் சூட்டை அளக்கும் கம்பியான தெர்மோகப்பிளைச் செருகினால் அது தன் முனை இருக்கும் இடத்தின் சூட்டைத்தான் சொல்லும். நான்கு விரல் தள்ளிக் கிடக்கும் கத்தியின் சூடு வேறாக இருக்கும். தொடாமலே சூட்டைக் காட்டும் அகச்சிவப்புத் துப்பாக்கிகளில், கடையில் மலிவாகக் கிடைப்பவை பல இந்தச் சூட்டை எட்டுவதே இல்லை.

ஆனால் கண்ணும் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி ஏமாறும். சித்திரை வெயிலில், திறந்த கொட்டகையில், நன்றாகச் சிவந்த இரும்புகூட மங்கலாகத் தெரியும். போதவில்லை என்று மேலும் ஊதினால் உள்ளே எஃகின் நுண்மணிகள் பருத்து, கத்தி பின்னால் உடையும். ஆகவே அடிப்பதைப் பகலில் வைத்துக்கொண்டாலும், எண்ணெயில் இறக்கும் வேலையை அந்தி சாய்ந்த பிறகோ கொட்டகையின் இருண்ட மூலையிலோ செய்யுங்கள். ஒரு காந்தத்தையும் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஏறத்தாழ 770 டிகிரியில் எஃகு காந்தத்தை விட்டுவிடும். அதற்கு வெயிலும் நிழலும் ஒன்றுதான். ஒட்டாமல் போன அந்த நொடியின் நிறத்தை மனத்தில் பதித்துக்கொண்டு, அதைவிட ஒரு சாயல் கூடிக் கோவைப்பழச் சிவப்பு வரும்வரை சூடேற்றுங்கள். எண்ணெயில் இறக்கி எடுத்தபின் அரத்தால் விளிம்பைத் தேய்த்துப் பாருங்கள். அரம் கடிக்காமல் வழுக்கினால் கடினம் ஏறிவிட்டது. கடித்தால் திரும்பவும் உலைக்குப் போக வேண்டும்.

இந்த அரச் சோதனையில் தேறாமல் யாரும் தோய்ச்சலுக்குப் போகக் கூடாது. தோய்ச்சல் நிறங்கள் மேற்பரப்பில் படரும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் நிறங்கள். உள்ளே எஃகு கடினமா என்பது அவற்றுக்குத் தெரியாது. கடினமே ஆகாத பட்டையும் அதே மஞ்சளையும் நீலத்தையும் அழகாகக் காட்டும்.

இரண்டாவது சூட்டில் புதியவருக்கு நான் கருவியையே சொல்வேன். வழக்கமான அட்டவணைப்படி வெளிர்மஞ்சள் 210 டிகிரி, அடர்மஞ்சள் 230, பழுப்பு 255, ஊதா 275, நீலம் 300 அளவில் வரும். அடர்மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் நடுவே 45 டிகிரிதான். இந்த எண்கள் சில நிமிடச் சூட்டுக்கு உரியவை. நேரம் நீண்டால் படலம் தடித்து, அதே சூட்டிலேயே நிறம் அடர்ந்துகொண்டு போகும். கைரேகையின் எண்ணெய்ப் பிசுக்கும் நிறத்தைத் திட்டுத்திட்டாக்கும்.

வீட்டு மின் அடுப்புப்பெட்டியில் ஒரு தட்டு நிறைய உலர்ந்த மணலை முன்பே சூடாக்கி, தெர்மோகப்பிள் முனையைக் கத்தியை ஒட்டி மணலில் புதையுங்கள். பெட்டியின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். உள்சூடு அதற்கு மேலும் கீழும் ஆடும், மணல் அந்த ஆட்டத்தை அடக்கும். 220 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, இன்னொரு மணி நேரம். வெளியே எடுக்கும்போது கத்தி பழுப்பாக இருந்தால் பதற வேண்டாம். நேரம் செய்த வேலை அது.

இங்கே அகச்சிவப்புத் துப்பாக்கியைக் கொண்டு சரிபார்க்கப் போகிறவர்களைத் தடுக்க விரும்புகிறேன். பளபளப்பான எஃகு வெப்பக் கதிரை மிகக் குறைவாகவே வெளிவிடும். வெளியே எடுத்த 220 டிகிரிக் கத்தியைப் பார்த்து, துப்பாக்கி 100க்கும் குறைவாகக் காட்டக்கூடும். அதை நம்பிச் சூட்டைக் கூட்டினால் விளிம்பு நீலத்துக்குப் போய்விடும். நீலத்துக்குப் போன விளிம்பை ஆறவைத்து மீட்க முடியாது; மறுபடி சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்கி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நிறத்தை விட்டால் வழியில்லாத வேலையும் உண்டு. முழ நீள அரிவாள் வீட்டுப் பெட்டிக்குள் நுழையாது. முதுகு மென்மையாகவும் வாய் கடினமாகவும் இருக்க வேண்டும் என்றால் ஒரே சூடு கொடுக்கும் பெட்டி உதவவும் உதவாது. அரிவாளை எமரித் தாளால் வெள்ளையாகத் தேய்த்து, செஞ்சூட்டில் பழுத்த கனத்த இரும்புக் கட்டையின் மேல் அதன் முதுகை வையுங்கள். மஞ்சள், பழுப்பு, ஊதா என்று நிறங்கள் முதுகிலிருந்து வாயை நோக்கி வரிசையாக நகரும். வாயில் பழுப்பு தொடங்கியதும் தண்ணீரில் முக்கி நிறுத்துங்கள். மெலிந்த நுனி மற்ற இடங்களை முந்திக்கொண்டு நிறம் மாறும் என்பதால், நுனியைக் கட்டைக்கு வெளியே நீட்டி வைத்து, கடைசிச் சில நொடிகள் மட்டும் உள்ளே இழுங்கள்.