கெல்ப் மாத்திரை, கடல்பாசி, அஸ்வகந்தா: தைராய்டும் சிறுநீரகமும் சரியில்லாதவர்கள் எதைத் தொடலாம்?

"கடல்பாசி தைராய்டுக்கு நல்லதாமே, சாப்பிடலாமா?" என்று சித்தி போனில் கேட்டார். நோன்பு திறக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து அவருக்குத் தட்டில் வருமே, பாலும் சர்க்கரையும் சேர்த்து உறைய வைத்த கடல்பாசி, அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "தாராளமா சாப்பிடுங்க சித்தி" என்று சொல்லிவிட்டேன். மூன்று மாதம் கழித்து, தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். அளவு அவருக்கு 2.8-லிருந்து 14-க்கு ஏறியிருந்தது. அவர் சாப்பிட்டது கெல்ப் மாத்திரை, தினம் இரண்டு. டப்பாவின் மேல் 'கடல்பாசியிலிருந்து இயற்கை அயோடின்' என்று இருந்ததாம்.

ஒரே பெயரில் வெவ்வேறு பொருள்கள் புழங்குவதில்தான் இந்தக் குழப்பம் தொடங்குகிறது. அதனால் முதலில் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிகளுக்கு 220 முதல் 250 வரை. நம் கடைகளில் கிடைக்கும் அயோடின் உப்பில் கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. நாளைக்கு எட்டு கிராம் உப்பு சேர்த்தால் 120 ஆயிற்று. சமையலில் கொஞ்சம் போனாலும் பால், முட்டை, மீனில் மீதி வந்துவிடும். மற்றவற்றை எல்லாம் இந்த அளவோடு ஒப்பிட்டால் போதும்.

வீட்டில் காய்ச்சும் கடல்பாசி, அதாவது சைனா கிராஸ், செம்பாசி வகைகளைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, உலர்த்தி எடுக்கும் பசை. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் கிடைப்பது இதுதான். அந்தப் பக்குவத்திலேயே அயோடினில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடுகிறது. ஒரு குடும்பத்துக்கே ஐந்தாறு கிராம் பாசிதான் போடுகிறோம். தைராய்டுக்கு இதனால் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: இது முழுக்க நார்ப்பொருள் என்பதால், தைராய்டு குறைவுக்காகக் காலையில் தைராக்ஸின் மாத்திரை போடும் நேரத்தை ஒட்டிச் சாப்பிட வேண்டாம்.

சுஷியைச் சுற்றும் நோரித் தாளும் செம்பாசிதான். ஆனால் இது காய்ச்சி வடித்த பசை இல்லை, பாசியையே தாளாக உலர்த்தியது. ஒரு தாள் மூன்று கிராம்கூட இருக்காது. அதில் ஐம்பது, அறுபது மைக்ரோகிராம் அயோடின் இருக்கலாம். எப்போதாவது சாப்பிட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

கெல்ப் பழுப்புப் பாசி. ஜப்பானியர் கொம்பு என்று சொல்வதும் இந்தக் குடும்பம்தான். கடல்நீரில் இருக்கும் அயோடினை உறிஞ்சித் தனக்குள் சேர்த்து வைப்பதில் இதற்கு இணை இல்லை. பல நாட்டுப் பாசிகளை அளந்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், நோரியில் கிராமுக்கு 16 மைக்ரோகிராம் இருந்தது. பதப்படுத்திய கெல்ப் துகளில் எட்டாயிரத்தைத் தாண்டியது. இரண்டுக்கும் கடையில் 'கடல்பாசி' என்றே பெயர். வித்தியாசம் ஐந்நூறு மடங்கு.

இதை மாத்திரைக்குப் போட்டுப் பாருங்கள். டப்பாவில் 'கெல்ப் பொடி 500 மி.கி.' என்று மட்டும் எழுதி, அயோடின் எவ்வளவு என்று எழுதவில்லை என்றால், அரை கிராம் பொடி உள்ளே போகிறது என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். அந்தப் பாசியில் கிராமுக்கு 500 இருந்தால் ஒரு மாத்திரைக்கு 250 மைக்ரோகிராம். 2,000 இருந்தால் ஆயிரம். 8,000 இருந்தால் நாலாயிரம், அதாவது 26 நாள் தேவை ஒரே வாயில். அறுவடை செய்த கடல், பருவம், பாசியின் வயது என்று எல்லாவற்றையும் பொறுத்து இது மாறும். ஐரோப்பாவில் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 மைக்ரோகிராமையும், அமெரிக்காவில் 1,100-ஐயும் உச்ச வரம்பாக வைத்திருக்கிறார்கள். அதுவும் தைராய்டு நன்றாக இருப்பவர்களுக்கான வரம்பு.

"ஜப்பானில் தினமும் சாப்பிடுகிறார்களே" என்று உடனே கேட்பார்கள். உண்மைதான், அங்கே சராசரி அயோடின் உணவிலேயே நாளைக்கு ஒன்று முதல் மூன்று மில்லிகிராம் வரை போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து அதற்குப் பழகிய உடல்கள் அவை. ஆனாலும் கொம்பை அள்ளிச் சாப்பிட்ட ஹொக்கைடோ கடற்கரை ஊர்களில் கழுத்து வீங்கிய கழலை பரவலாக இருந்ததை ஜப்பானிய மருத்துவர்களே 1960-களில் எழுதியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் கொம்பு சேர்த்த ஒரு சோயா பாலைக் குடித்தவர்களுக்குத் தைராய்டு கெட்டுப்போனதால், 2009 டிசம்பரில் அதைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

சரி, அயோடின் அதிகமானால் ஏன் தைராய்டு குறைய வேண்டும்? சித்தி கேட்டதும் இதுதான். அயோடின் திடீரென்று குவிந்தால் சுரப்பி தற்காப்புக்காக ஹார்மோன் தயாரிப்பையே நிறுத்திவிடும். நல்ல சுரப்பி சில நாள்களில், அயோடினை உள்ளே இழுக்கும் வாயிலைச் சுருக்கிக்கொண்டு மறுபடி வேலையைத் தொடங்கும். உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோய் உள்ளவர்கள் பலரின் சுரப்பிக்கு இந்த மீளும் சாமர்த்தியம் இல்லை. நிறுத்தியது நிறுத்தியபடியே நிற்கும். சித்திக்கு ஹஷிமோட்டோ. தினம் 75 மைக்ரோகிராம் தைராக்ஸின் சாப்பிடுகிறார். அது அவர் தேவையில் ஒரு பகுதிதான், மீதியை அவருடைய சுரப்பி தந்துகொண்டிருந்தது. கெல்ப் அந்த மீதியை அடைத்துவிட்டது.

டாக்டர் மாத்திரையை 100 ஆக்கலாம் என்று எழுதப் போனார். அந்த நேரத்தில் சித்தி பையிலிருந்து கெல்ப் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தது நல்லதாகப் போயிற்று. 75-ஐ மாற்றாமல் கெல்ப்பை மட்டும் நிறுத்தச் சொன்னார். எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். 3.4. அன்றைக்கு 100 ஆக்கியிருந்தால், பிறகு கெல்ப்பை விட்டதும் சுரப்பி திரும்பி வந்து, மாத்திரை அளவு மிஞ்சி, படபடப்பில் கொண்டுபோய் விட்டிருக்கும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: தைராக்ஸின் மூலக்கூறின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அயோடின்தான். 75 மைக்ரோகிராம் மாத்திரையிலேயே ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. அதைச் சாப்பிடுபவர் தனியாக அயோடின் தேடுவதற்குக் காரணமே இல்லை. உண்மையில் குறைபாடு வர வாய்ப்புள்ளவர்கள் வேறு. அயோடின் சேர்க்காத இந்துப்புக்கு முழுதாக மாறியவர்கள், கூடவே பாலும் மீனும் தொடாதவர்கள். அவர்களுக்கும் வழி கெல்ப் இல்லை, பழைய உப்புதான்.

கழுத்தில் பல முடிச்சுகளோடு நாள்பட்ட கழலை உள்ளவர்களுக்கு கெல்ப் நேர் எதிர்த்திசையில் வேலை செய்யும். அந்த முடிச்சுகள் மூளையின் கட்டளைக்குக் காத்திருப்பதில்லை. அயோடின் கிடைக்கக் கிடைக்க ஹார்மோனைக் கொட்டும். கை நடுக்கம், தூக்கமின்மை, சாப்பிட்டும் எடை குறைவது, டி.எஸ்.எச். 0.1-க்குக் கீழே இறங்குவது எல்லாம் இதன் அடையாளங்கள். வயதானவர்களுக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகப் போவது முதல் அறிகுறியாக வரலாம்.

அஸ்வகந்தா வேறு வழியில் வருகிறது

கெல்ப்பை விட்ட கையோடு சித்தி அடுத்துக் கேட்டது அஸ்வகந்தா. நம் அமுக்கரா கிழங்குதான். இதில் அயோடின் பிரச்சினை இல்லை. இது ஹார்மோன் அளவையே உயர்த்தும் போக்குள்ளது. லேசான தைராய்டு குறைவுள்ள ஐம்பது பேரை வைத்து நடத்திய ஒரு சோதனையில், நாளைக்கு 600 மி.கி. வேர்ச்சாறு எட்டு வாரம் கொடுத்தபோது டி.எஸ்.எச். இறங்கி, தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 ஏறின. விளம்பரங்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கின்றன. மாத்திரை எதுவும் சாப்பிடாத ஒருவருக்கு அது நல்ல செய்தியாகத் தெரியலாம். ஆனால் ஏற்கெனவே தைராக்ஸின் சாப்பிடுபவருக்கு அது கண்ணுக்குத் தெரியாமல் மாத்திரை அளவைக் கூட்டுவது போல. நெதர்லாந்தில் 32 வயதுப் பெண் ஒருவர் களைப்புக்காக அஸ்வகந்தா கேப்சூல் சாப்பிட்டுத் தைராய்டு மிகைக்கு ஆளானதும், நிறுத்தியதும் சரியானதும் 2005-ல் பதிவாகியிருக்கிறது. தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. ஈரல் பாதித்த சம்பவங்களும் உண்டு.

இரண்டில் எது மோசம் என்று கேட்டால், ஹஷிமோட்டோக்காரருக்கு கெல்ப், கிரேவ்ஸ் உள்ளவருக்கு இரண்டுமே என்பேன். எதைச் சாப்பிட்டிருந்தாலும் நிறுத்திய ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டையும் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் பார்த்தால் எண் இன்னும் நிலைக்கு வந்திருக்காது.

சிறுநீரகத்துக்கு இதே கேள்வி

பெரியப்பாவுக்குச் சிறுநீரக நோய், மூன்றாம் நிலை. அவருக்குத் தைராய்டு கோளாறு இல்லை என்பதால் கெல்ப் பரவாயில்லை என்று வீட்டில் நினைத்தார்கள். உடலில் சேரும் அயோடினைப் பெரும்பாலும் வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது தளர்ந்தால் அயோடின் தேங்கும், நன்றாக இருந்த தைராய்டும் மந்தமாகும். டயாலிசிஸ் நோயாளிகளிடம் ஜப்பானில் இதைக் கண்டிருக்கிறார்கள், பாசியைக் குறைத்ததும் சுரப்பி மீண்டதையும் கண்டிருக்கிறார்கள்.

மாத்திரையாகச் சாப்பிட்டால் முக்கியக் கவலை அயோடின்தான். பாசியையே சூப்பில் போட்டால் பொட்டாசியமும் சேரும். பத்து கிராம் உலர்ந்த கொம்பில் அரை கிராம் அளவுக்கு இருக்கிறது, ஓர் இளநீரை நெருங்கும் அளவு. இளநீரை நிறுத்தச் சொன்ன மருத்துவர் இதைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார், நாம்தான் சொல்ல வேண்டும். 'சிறுநீரகத்துக்கு நல்லது' என்று பெயர் வாங்கிய மூக்கிரட்டையும் பொட்டாசியம் நிறைந்ததுதான். நல்ல சிறுநீரகம் அதைத் தள்ளிவிடும். பெரியப்பாவுக்கு ரத்தத்தில் ஏற்கெனவே 5.2. அதனால் கஷாயத்தை நிறுத்தினோம்.

பாசியும் மூக்கிரட்டையும் செய்யும் கெடுதல் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். ஆடுதின்னாப்பாளை அப்படி இல்லை. அதிலும் அதன் இனமான ஈஸ்வரமூலியிலும் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தழும்பாக்கிவிடும், அது திரும்பாது. பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் 1990-களின் தொடக்கத்தில், உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாகப் பெயர் ஒத்துப்போன இந்த இனத்துச் செடி கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது, சிலருக்குப் பல ஆண்டு கழித்துச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. வலி இருக்காது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் மெல்ல ஏறும், சிறுநீரகம் கெட்ட அளவுக்கு மீறி ரத்தசோகை இருக்கும், ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கித் தெரியும். செடியாக நின்றால் இலையையும் காயையும் வைத்து அடையாளம் சொல்லிவிடலாம். பொட்டலத்தில் பொடியாக வரும்போது யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் உள்ளே என்னென்ன செடி என்று எழுதாத எந்தப் பொடியையும் பெரியப்பா வீட்டுக்குள் நாங்கள் இப்போது விடுவதில்லை.