வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு போட்டோ அனுப்பாதீர்கள்

மடிப்பாக்கத்தில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்தபோது எனக்கு 40,000 ரூபாய் போனது. சென்னையில் வீடு தேடுகிறவர்களுக்கு இது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

ஓனர் துபாயில் இருந்தார். எல்லாம் புரோக்கர் வழியாகத்தான். "சார், ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு போட்டோ எடுத்து அனுப்புங்க, டிஜிட்டல் கையெழுத்து போட்டுடறேன்" என்றார். அனுப்பினேன். மாலையே நான்கு பக்க ஒப்பந்தம் பிடிஎஃப்பாக வாட்ஸ்அப்பில் வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து, ஓனர் கையெழுத்து, பக்கத்தில் ஒரு பச்சை டிக். மாத வாடகை 20,000, அட்வான்ஸ் 1,20,000. காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப்படும் என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

காலி செய்கிற அன்று புரோக்கர் வேறொரு பிடிஎஃப்பைக் காட்டினார். அதன் மூன்றாம் பக்கத்தில் பெயின்ட்டுக்கு இரண்டு மாத வாடகை, அதற்கு மேல் 'பராமரிப்பு' என்று இன்னொரு மாதம். அடியில் அதே என் கையெழுத்து. 60,000 மட்டும்தான் திரும்பி வந்தது. "நீங்க கையெழுத்து போட்டதுதானே சார்" என்றார். ஓனருக்கு போன் செய்தேன். அவரும் முன்பு எப்போதோ ஒரு கையெழுத்துப் போட்டோ அனுப்பியதோடு சரி, இந்த இரண்டு பிடிஎஃப்பில் எதையும் படித்ததில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டையும் கம்ப்யூட்டரில் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டுப் பக்கத்திலும் என் பெயரின் கடைசிக் கோடு ஒரே இடத்தில் ஒரே மாதிரி நடுங்கியிருந்தது. கையால் எட்டு முறை போட்டால் அப்படி வராது. கையெழுத்தைச் சுற்றி லேசான சாம்பல் நிறக் கட்டம், அந்த வெள்ளைத் தாளின் நிழல். பச்சை டிக்கும் வெறும் படம்தான்.

படத்துக்கும் அதன் மேலே இருக்கிற வாசகத்துக்கும் எந்தப் பிணைப்பும் இல்லை. எந்தப் பக்கத்தில் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். உண்மையான டிஜிட்டல் கையெழுத்து அந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. முதலில் முழு ஆவணத்திலிருந்தும் ஹாஷ் என்ற ஒரு சிறு குறியீடு கணக்கிடப்படும். ஆவணத்தில் 'ஒரு' என்பதை 'இரண்டு' என்று மாற்றினால் குறியீடு முற்றிலும் வேறாகிவிடும். அந்தக் குறியீட்டின் மீது, கையெழுத்திடுபவரின் ரகசியச் சாவி என்ற நீண்ட எண்ணைக் கொண்டு கையெழுத்து உருவாகிறது. சாவி யாருடையது என்பதற்கு உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று சான்றிதழ் தரும். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இந்த முறையைத்தான் டிஜிட்டல் கையெழுத்து என்கிறது. படம் ஒட்டிய ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று சொல்லவில்லை. ஆனால் தகராறு வந்தால், எந்தப் பிரதிக்கு நாம் சம்மதித்தோம் என்பதை வாட்ஸ்அப் செய்திகளையும் சாட்சிகளையும் வைத்துத்தான் நிறுவ வேண்டியிருக்கும்.

இப்போது இருக்கும் வீட்டுக்கு ஆதார் இ-சைன், அதாவது ஆதார் வழியாக இணையத்திலேயே போடும் டிஜிட்டல் கையெழுத்து, போட்டோம். ஆவணத்தைப் படித்து, ஆதார் எண் கொடுத்து, மொபைலுக்கு வந்த ஓடிபியை நாங்களே அடித்தோம். அந்த ஒரு கையெழுத்துக்கு மட்டும் சாவி உருவாகிறது, வேலை முடிந்ததும் அழிந்துவிடுகிறது. சான்றிதழுக்கு ஆயுள் அரை மணி நேரம்தான். பிறகு பார்க்கும்போது காலாவதி என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், கையெழுத்திட்ட நேரம் அந்த அரை மணிக்குள் இருக்கிறதா என்பதே கேள்வி.

சரிபார்ப்பதும் கஷ்டமில்லை. வாட்ஸ்அப்பில் பார்க்காமல் பிடிஎஃப்பைக் கம்ப்யூட்டரில் அடோபி ரீடரில் திறங்கள். உண்மையான கையெழுத்து இருந்தால் மேலே ஒரு பட்டையில் Signature Panel என்று வரும். என் பழைய இரண்டு பிடிஎஃப்பிலும் அந்தப் பட்டையே இல்லை. புதியதில் வந்தது, ஆனால் மஞ்சள் கேள்விக்குறியோடு Validity Unknown என்று. முதலில் திக்கென்றது. இந்தியச் சான்றிதழ்களின் மூலச் சான்றிதழை நம் கம்ப்யூட்டரில் இருக்கும் ரீடர் இன்னும் நம்பவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். இ-ஆதாரைத் திறந்தாலும் இப்படி வருவதுண்டு. கையெழுத்தைச் சொடுக்கி Signature Properties, பிறகு Show Signer's Certificate போனால் சான்றிதழ்ச் சங்கிலியின் உச்சியில், சான்றிதழ் தரும் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கும் அரசு அமைப்பான CCA India தெரிய வேண்டும். தெரிந்தால் அதை நம்பகப் பட்டியலில் சேர்க்கலாம். கையெழுத்துக்குப் பின் ஆவணம் மாறவில்லை என்ற வரியும் அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தப் பிடிஎஃப்பையே பத்திரப்படுத்துங்கள். பிரிண்ட் எடுத்தால் அதுவும் வெறும் படம்தான். அப்புறம், ஓடிபியை புரோக்கரிடம் சொல்லிவிட்டால் இவ்வளவு பாதுகாப்பும் வீண், நம் கையை அவரிடம் கொடுத்த மாதிரி.

என் கையெழுத்துப் படம் இன்னும் அந்த புரோக்கர் போனில் இருக்கிறது. அதை ஒட்டிய எந்த ஆவணத்துக்கும் என் சம்மதம் இல்லை என்று தேதி போட்டு அவருக்கும் ஓனருக்கும் மின்னஞ்சல் அனுப்பி வைத்திருக்கிறேன். உங்கள் படமும் யாரிடமாவது இருந்தால் நீங்களும் அனுப்பிவிடுங்கள்.