‘டேட்டா கிளீனிங்’குக்குக் கொடுத்த ஃபைலில் 492 வசூல் காணாமல் போன கதை: கடை வைத்திருப்பவர்கள் படிக்கவும்

மதுரையில் எலக்ட்ரிகல் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறோம். சுற்று ஊர்களில் இருநூறு கடைகளுக்கு மேல் கடனுக்குச் சரக்குப் போடுகிறோம். எக்செல் ஷீட்டைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று வருகிற ஒருவரிடம் வேலை கொடுக்கப் போகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஆள் பெயரை எழுதவில்லை. எப்படி நடந்தது என்பதுதான் உங்களுக்குத் தேவை.

எங்கள் லைன் ஆட்கள் மூன்று பேர். ஆளுக்கு ஒரு ஷீட், போனிலேயே பதிவார்கள். ஒரே கடையை ஒருவர் தமிழிலும், இன்னொருவர் ஆங்கிலத்திலும், மூன்றாமவர் பாதிப் பெயராகவும் அடிப்பார். வசூல் செய்த அன்று லைன் ஆள் ஒரு முறை பதிவார், மறுநாள் ஆபீசில் பணம் கட்டும்போது அதே ரசீது இன்னொரு முறை ஏறிவிடும். 2023 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வசூல் ஷீட்டில் மட்டும் 1,846 வரிகள். யார் எவ்வளவு பாக்கி என்று உடனே சொல்ல முடியாத நிலை.

நவம்பரில் ஒருவர் அறிமுகமானார். ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல், “எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய், ஃபிக்ஸட், மூன்று நாளில் பைவட் டேபிளோடு தருகிறேன்” என்றார். பைவட் டேபிள் என்றால் வரிகளைக் கூட்டித் தொகுத்துக் காட்டுகிற எக்செல் அட்டவணை. 4,000 அட்வான்ஸ் அனுப்பினேன். எத்தனை வரி, எத்தனை ஷீட், எதை இரட்டிப்பு என்று எடுத்துக்கொள்வார், என்னென்ன திருப்பித் தருவார் என்று ஒரு வரிகூட எழுதி வாங்கவில்லை. ஷீட்டுகளை சிஎஸ்வி ஆக, அதாவது கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாக, இறக்கி அனுப்பச் சொன்னார், அனுப்பினேன்.

மூன்றாம் நாள் ஃபைல் வந்தது. பார்க்க அழகாக இருந்தது. ஊர்வாரியாகப் பாக்கி, முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று நிறம் போட்ட கட்டங்கள். மொத்தப் பாக்கி 41 லட்சம் என்றது. நான் மனதில் வைத்திருந்த கணக்கு 17, 18 லட்சம். இத்தனை மாதம் கவனிக்காமல் விட்டதில் பாக்கி இவ்வளவு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். அன்றைக்கே மீதி 4,000-ஐயும் அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

அப்புறம் பாக்கிக்காரர்களுக்குப் போன் போட ஆரம்பித்தேன். நாலாவது போன் உசிலம்பட்டியில் ஒரு கடைக்காரருக்கு. அப்பா காலத்துப் பழக்கம். “அண்ணே, உங்க கணக்குல ஒரு லட்சத்துப் பதிமூவாயிரம் நிக்குது, கொஞ்சம் பாருங்க” என்றேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, “தம்பி, வாராவாரம் சனிக்கிழமை உங்க ஆளு கையில அஞ்சாயிரம் குடுக்குறேன். ரசீது எல்லாம் ஆணியில குத்தி வச்சிருக்கேன். உங்க அப்பா இருந்தப்ப இப்படி ஒரு போன் எனக்கு வந்ததில்ல” என்றார். அரை மணி நேரத்தில் ரசீதுகளைக் கல்லா மேல் வரிசையாகப் பரப்பிப் படம் எடுத்து அனுப்பினார். எண்ணினேன். ஐயாயிரம் ரூபாய் ரசீது 22. அக்டோபரில் மட்டும் ஒரு முறை 20,000.

அவருடைய பில் மொத்தம் 1,38,400. கட்டியது 1,10,000-மும் 20,000-மும். உண்மையான பாக்கி 8,400 ரூபாய். எனக்கு வந்த ஃபைலில் அவர் பெயரில் வசூல் இரண்டே வரிதான் இருந்தது: ஒரு 5,000, ஒரு 20,000. மீதி 21 ஐயாயிரமும் இல்லை. 1,05,000 ரூபாய் அப்படியே பாக்கியாக ஏறி நின்றது.

இது எப்படி நடந்தது என்பதை என் அக்கா மகள் கண்டுபிடித்தாள். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். எக்செல்லில் Remove Duplicates என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் எந்தெந்த நெடுவரிசையைப் பார்த்து இரட்டிப்பு என்று முடிவு செய்ய வேண்டும் என்று கேட்கும். டிக் செய்த நெடுவரிசைகளில் ஒன்றாக இருக்கிற வரிகளில் முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும். நம்ம ஆள் கடைப் பெயரையும் தொகையையும் மட்டும் டிக் செய்திருக்கிறார், தேதியை விட்டுவிட்டார். அதே ரசீது மறுநாள் தேதியில் இன்னொரு முறை ஏறியிருந்ததால், தேதியையும் சேர்த்தால் அந்த இரட்டிப்பு பிடிபடவில்லை. அதனால் தேதியையே கழற்றிவிட்டார். வாராவாரம் ஒரே தொகை கட்டுகிற நல்ல கடைக்காரர்கள் எல்லாரும் அதில் மாட்டிக்கொண்டார்கள். அழித்து முடித்ததும் எத்தனை வரி போயிற்று, எத்தனை மிச்சம் என்று எக்செல்லே ஒரு கட்டத்தில் காட்டும். 1,846 வரியில் 555 போயிருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்தும் ஒரு வார்த்தை எங்களிடம் கேட்கவில்லை. என் கோபம் முழுக்க அதில்தான்.

பிறகு ரசீது புத்தகங்களின் கார்பன் பிரதியை வைத்துச் சரிபார்த்தோம். உண்மையான இரட்டிப்பு 63 மட்டுமே. மீதி 492 வரியும் நிஜமாகக் கைக்கு வந்த பணம், கிட்டத்தட்ட 23 லட்சம் ரூபாய்.

இந்த வேலையில் எதையும் முதலில் அழிக்கவே கூடாது, சந்தேக வரிகளுக்கு அடையாளம் மட்டும் போட வேண்டும் என்றாள் அக்கா மகள். பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து இந்த ஃபார்முலாவைப் போட்டாள். B கடைப் பெயர், C தேதி, D தொகை:

```
=COUNTIFS(B:B,B2,D:D,D2,C:C,">="&C2-1,C:C,"<="&C2+1)
```

அதே கடை, அதே தொகை, தேதி ஒரு நாள் முன்பின்னாக எத்தனை வரி இருக்கிறது என்று இது எண்ணும். ஒன்றுக்கு மேல் வந்தால் சந்தேகம். வாராவாரம் கட்டுபவருக்கு அடுத்த வரி ஏழு நாள் தள்ளி இருப்பதால் அவர் இதில் மாட்டமாட்டார். சந்தேகமான வரிகளை மட்டும் ஃபில்டர் செய்து, ரசீது புத்தகத்தைப் பார்த்து, எது போக வேண்டும் என்று நாங்களே முடிவு செய்தோம். கடைப் பெயர்களை முதலில் ஒன்றாக்கி, தேதிகளையும் சரி செய்த பிறகுதான் இந்த ஃபார்முலா நம்பகமாக வேலை செய்யும்.

அந்தத் தேதியிலும் ஒரு கோளாறு இருந்தது. நாங்கள் நாள், மாதம், வருடம் என்று அடிக்கிறோம். சிஎஸ்வி ஃபைலை எக்செல்லில் நேராகத் திறந்தால், அந்தக் கம்ப்யூட்டரின் ரீஜன் செட்டிங் என்னவோ அப்படித்தான் தேதியைப் படிக்கும். அவருடையது மாதத்தை முதலில் போடுகிற அமெரிக்க முறையில் இருந்திருக்க வேண்டும். 12/05/2023 என்று அடித்த மே 12-ஆம் தேதி பில், டிசம்பர் 5 ஆகிவிட்டது. மே 13 என்றால் பதின்மூன்றாம் மாதம் கிடையாது, அதனால் அது தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். அப்படி நின்றவற்றை மட்டும் அவர் சரியாக மாற்றிவிட்டார். தவறாகப் புரண்ட தேதிகள் பார்க்க ஒழுங்காக இருந்ததால் அவற்றைத் தொடவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் பன்னிரண்டு நாள் பில்கள் கிட்டத்தட்ட எல்லாம் இப்படிப் புரண்டுகிடந்தன. அழகாக நிறம் போட்ட தொண்ணூறு நாள் கட்டத்துக்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று.

இதைப் பிடிக்க ஒரு நிமிடம் போதும். C நெடுவரிசைக்கு வெளியே காலியான இரண்டு கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=MIN(C:C)
=MAX(C:C)
```

எங்கள் டேட்டா ஏப்ரல் 1-இல் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. அவர் தந்த ஃபைலில் குறைந்த தேதி 2023 ஜனவரி 4, கூடின தேதி டிசம்பர் 10. நான் அதைத் திறந்து பார்த்தபோது நவம்பரே முடியவில்லை.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். இரட்டிப்பு நீக்கச் சொன்னீர்கள், நீக்கினேன் என்றார். தேதி உங்கள் ஃபைலிலேயே அப்படித்தான் இருந்தது என்றார். திரும்பச் செய்ய 6,000 ரூபாய் ஆகும், ஃபிக்ஸட் ரேட் ஒரு முறை செய்வதற்குத்தான் என்றார். பைவட் டேபிளில் ஒரு எண்ணை டபுள் கிளிக் செய்தால் அது எந்தெந்த வரிகளின் கூட்டல் என்று தனி ஷீட்டில் விரியும். அவர் தந்ததில் எதுவும் விரியவில்லை. பைவட்டைக் காப்பி செய்து வெறும் எண்களாக ஒட்டிக் கொடுத்திருக்கிறார். ஃபார்முலா உள்ள ஃபைலைக் கேட்டதற்கு அது தன் வேலை முறை, தர முடியாது என்றார். பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

ஃபிக்ஸட் ரேட் தப்பில்லை. ஃபைலைப் பார்க்காமல் சொல்கிற ஃபிக்ஸட் ரேட்தான் தப்பு. ஒரு மணி நேர வேலையா, ஒரு வார வேலையா என்று தெரியாமல் ரேட் சொன்னவர், வேலை பெரிதாகத் தெரிந்ததும் பட்டனை அழுத்தி முடிக்கத்தான் பார்ப்பார். முதலில் இருநூறு வரியைக் கொடுத்து, அதற்குத் தனியாகப் பணம் கொடுத்து, செய்து காட்டச் சொல்லுங்கள். எதை இரட்டிப்பு என்று எடுப்பார் என்பதை அதில் எழுதி வாங்குங்கள். நீக்கிய வரிகள் எல்லாம் தனி ஷீட்டில் இருக்க வேண்டும், ஃபார்முலாவும் பைவட்டும் உயிரோடு இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். முக்கியமாக, சுத்தம் செய்வதற்கு முன் இருந்த வசூல் மொத்தத்தில் நீக்கிய வரிகளின் மொத்தத்தைக் கழித்தால் புது மொத்தம் பைசா பிசகாமல் வர வேண்டும். அதைக் காட்டிய பிறகுதான் மீதிப் பணம். நான் அந்த மொத்தத்தைக் கேட்டிருந்தால், 24 லட்சம் ரூபாய் வசூல் குறைகிறதே என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நல்லவேளை, மூல ஷீட்டுகள் போனில் அப்படியே இருந்தன. அக்கா மகள் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரி செய்தாள். ஒவ்வொரு கடைக்கும் போன் நம்பரை வைத்து ஒரு அடையாளக் குறியீடு கொடுத்தாள், ஏனென்றால் முருகன் ஸ்டோர்ஸ் என்றே நாலு ஊரில் நாலு கடை இருக்கிறது. மொத்தப் பாக்கி 17 லட்சத்துச் சொச்சத்தில் வந்து நின்றது.

அடுத்த சனிக்கிழமை லைன் ஆளை அனுப்பாமல் நானே உசிலம்பட்டிக்குப் போனேன். 8,400 ரூபாய் பாக்கி என்று பிரிண்ட் எடுத்த கணக்கைக் கையில் கொடுத்தேன். அவர் ஆணியில் குத்தியிருந்த ரசீதுகளை எடுத்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து ஒத்துப் பார்த்தார். முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.