தண்டனை ஏககாலத்திலா, ஒன்றன்பின் ஒன்றாகவா?

ஒரே வழக்கில் மூன்று குற்றங்கள் நிரூபணமாகி, 5, 3, 2 ஆண்டுகள் என்று தண்டனை விதிக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். செய்தியில் "10 ஆண்டு சிறை" என்று வரும். ஆனால் ஏககாலத்தில் அனுபவிக்கச் சொன்னால், மூன்றும் ஒரே நாளில் தொடங்கி, பெரியதான 5 ஆண்டிலேயே முடிந்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாக என்றால்தான் முழு 10. விசாரணைக் கைதியாக ஓராண்டு உள்ளே இருந்திருந்தால், மிச்சம் 4 அல்லது 9.

இதைத் தீர்மானிப்பது தீர்ப்பின் கடைசி வரிதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 31வது பிரிவுப்படி, நீதிமன்றம் எதுவும் சொல்லாவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான். அந்த ஒரு வரி விடுபட்டால் எவ்வளவு நஷ்டம் பாருங்கள்! இப்போதைய சட்டத்தின் 25வது பிரிவு, குற்றத்தின் தீவிரத்தைப் பார்த்து எந்த முறை என்று உத்தரவிடச் சொல்கிறது. இது நல்ல மாற்றம்.

அபராதம் கட்டாததற்கான சிறை மட்டும் தனி. மற்றவை ஏககாலத்தில் ஓடினாலும், அது கடைசியில் சேரும்.

அப்புறம், ஆயுள் தண்டனை. ஒன்றுக்கு மேற்பட்ட ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக விதிக்க முடியாது என்று 2016இல் முத்துராமலிங்கம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. மனிதனுக்கு ஒரே ஆயுள்தானே. ஆனால் 10 ஆண்டுகளை முதலில் முடித்துவிட்டு ஆயுளைத் தொடங்கு என்று சொல்லலாம்.